சம்பளத் திருத்த மெயில்: சாதனைப் பட்டியலா, எண்ணோடு கோரிக்கையா, மாறிய வேலையின் கணக்கா?

சம்பளத்தை உயர்த்தித் தரச் சொல்லி நீங்கள் எழுதும் மெயிலை உங்கள் மேனேஜர் படிப்பார். ஆனால் முடிவு பெரும்பாலும் அவர் கையில் மட்டும் இருக்காது. அவருக்கு மேலே இருப்பவர், ஹெச்.ஆர்., சில இடங்களில் நிதிப் பிரிவு என்று இரண்டு மூன்று பேரைத் தாண்டித்தான் ‘சரி’ என்ற பதில் வரும். அவர்களில் பலர் உங்களோடு ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டார்கள். உங்கள் மெயிலோ, அதிலிருந்து மேனேஜர் எடுத்து ஒட்டிய நான்கு வரியோதான் அவர்களுக்கு நீங்கள்.

ஒரு டீமை நடத்தும் இடத்தில் இருந்து இப்படிப்பட்ட மெயில்களை மேலே கொண்டுபோயிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் மெயில்கள் மூன்று வகையாகப் பிரிகின்றன. ஒன்று, வருடம் முழுக்கச் செய்ததைப் பட்டியலிட்டுவிட்டு ‘பரிசீலிக்கவும்’ என்று முடிப்பது. இரண்டாவது, சாதனைகளை எண்களோடு சொல்லி, இத்தனை சதவீதம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்பது. மூன்றாவது, நான் இன்று பார்க்கும் வேலை நீங்கள் சம்பளம் நிர்ணயித்த வேலை அல்ல என்று காட்டி, சாதனைகளை அதற்குச் சான்றாக வைப்பது. மூன்றும் ஒரே ஒரு வருட உழைப்பைப் பற்றித்தான் பேசும். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு மேசைகளுக்குப் போய்ச் சேரும், மூன்றுக்கும் கிடைக்கும் பதிலும் வேறு. எதை எழுதுவது என்பதை ஒரு உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

உதாரணம்

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. வெண்டர்களின் இன்வாய்ஸைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் 8 பேர் கொண்ட டீம். அதில் ஒரு ஊழியர். இந்த வருடம் அவர் பக்கத்தில் நடந்தவை இவை. மாதக் கணக்கை மூடும் மந்த் எண்ட் க்ளோசிங் முன்பு 9 வேலை நாள் எடுத்தது, இப்போது 5 நாளில் முடிகிறது. 30 நாளுக்கு மேல் தேங்கிக் கிடந்த இன்வாய்ஸ்கள் 340 இருந்தன, இப்போது 90. வெண்டர்களுக்கு இரண்டு முறை அனுப்பப்பட்டிருந்த 11 பேமென்ட்டுகளைக் கண்டுபிடித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினார். அப்புறம், வருடத்தின் நாலாவது மாத முடிவில் டீமின் சீனியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்த வெண்டர் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன், அதாவது வெண்டர்கள் அனுப்பும் கணக்கை நம் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை, இவர் தலையில் விழுந்தது. அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. புதிதாக வந்த இருவருக்கும் இவர்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறார்.

அவருடைய இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பதவிக்கு நிறுவனம் வைத்திருக்கும் சம்பள பேண்ட் 90-இல் தொடங்கி 130-இல் முடிகிறது, நடுப்புள்ளி 110. ஹெச்.ஆர். ஆட்கள் ஒருவரின் சம்பளத்தை இந்த நடுப்புள்ளியால் வகுத்துப் பார்ப்பார்கள். இவருக்கு அது 0.91. அதாவது நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கிறார், உயர்த்துவதற்கு இடம் இருக்கிறது. இதே கணக்கு 1.15 என்று வந்தால் எவ்வளவு சாதித்திருந்தாலும் பெரிய உயர்வு கிடைப்பது கஷ்டம். அங்கே பதவி உயர்வோ ஒருமுறை போனஸோதான் வழி. பேண்ட் விவரத்தை ஊழியர்களுக்குச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, சொல்லாதவையும் உண்டு. மெயில் எழுதுவதற்கு முன்னால் ‘என் பேண்டில் நான் எங்கே இருக்கிறேன்?’ என்று மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. அந்த ஒரு விவரம் எந்த மெயில் எழுதலாம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

இவர் கேட்க நினைப்பது 14 சதவீதம்.

முதல் வகை: பட்டியல், கடைசியில் ‘பரிசீலிக்கவும்’

> வணக்கம் மேடம், கடந்த ஒரு வருடத்தில் மந்த் எண்ட் க்ளோசிங்கை 9 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்திருக்கிறேன். தேங்கிய இன்வாய்ஸ்களைப் பெருமளவு தீர்த்திருக்கிறேன். ரீகன்சிலியேஷன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். இவற்றைக் கருத்தில் கொண்டு என் சம்பளத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையான மெயில். எழுதுவதற்கு எளிது, யாரையும் சங்கடப்படுத்தாது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் அனுப்புகிறார்கள். இதற்கு வரும் பதிலும் எனக்கு நன்றாகத் தெரியும்: ‘அருமையான வேலை. அப்ரைசலில் கண்டிப்பாகக் கவனிக்கிறேன்.’ அதைச் சொல்லும் மேனேஜர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அந்த மெயிலில் அவர் ஆம், இல்லை என்று தீர்மானிப்பதற்கு ஒன்றுமே இல்லை. மேலே ஃபார்வர்டு செய்தால் ‘சரி, என்ன கேட்கிறார்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அதனால் ஃபார்வர்டே ஆகாது. ரேட்டிங் போடும் நாளில் அவர் நினைவுக்கு வரும், வழக்கமான உயர்வோடு ஒன்றோ இரண்டோ சதவீதம் கூடலாம். அவ்வளவுதான்.

சம்பளம் முழுக்க முழுக்கப் படிநிலை அட்டவணைப்படி தரப்படும் இடங்களில் இதுவே போதும். அங்கே எண் கேட்டுப் பயனில்லை, நல்ல ரேட்டிங்குக்குப் பதிவு இருந்தால் சரி. மற்ற இடங்களில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வகை: எண்ணோடு கோரிக்கை

இங்கே இரண்டு எண்கள் இருக்கின்றன. சாதனையின் எண் ஒன்று, கேட்கும் சம்பளத்தின் எண் ஒன்று. இரண்டாவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் மெயில் பலவீனமாவது முதலாவதில்தான்.

க்ளோசிங் 9-இலிருந்து 5 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: ‘புது சாஃப்ட்வேர் போட்டோமே, அதனால்தானே குறைந்தது?’ நம் உதாரணத்தில் அது பாதி உண்மை. வருடத்தின் மூன்றாவது மாதம் புதிய சாஃப்ட்வேர் வந்தது. இதே நிறுவனத்தின் இன்னொரு கிளையும் அதே சாஃப்ட்வேருக்கு மாறியது, அங்கே க்ளோசிங் 7 நாளில் வந்து நின்றுவிட்டது. இவருடைய டீம் மட்டும் 5-க்கு வந்தது. காரணம், மாதக் கடைசிக்காகக் காத்திராமல் ஒவ்வொரு புதன்கிழமையும் நிலுவை இன்வாய்ஸ்களை மூடும் முறையை இவர் கொண்டுவந்தார். ஆக, இவருடைய பங்கு 4 நாள் அல்ல, 2 நாள்.

மெயிலில் 2 நாள் என்றே எழுத வேண்டும். 4 என்று எழுதினால் பெரிதாகத் தெரியும், ஆனால் சாஃப்ட்வேரை வாங்கக் கையெழுத்துப் போட்டவரே அந்த மெயிலைப் படிக்கக்கூடும். அந்த ஒரு வரியில் நம்பிக்கை போனால் மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். 9-லிருந்து 7 சாஃப்ட்வேர், 7-லிருந்து 5 நான், மற்ற கிளை இன்னும் 7-இல் இருக்கிறது என்று எழுதினால் எதிர்க்கேள்விக்கே இடம் இல்லை. மேனேஜர் உங்களுக்காக வாதாட வேண்டிய வேலையை மெயிலே செய்துவிடுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் அந்த எண்ணோடு சேர வேண்டும். முதலாவது, சராசரி. சிறந்த மாதத்தின் எண்ணை எழுதாமல், கடைசி ஆறு மாதங்களின் சராசரியை எழுதுங்கள். 5 என்பது ஒரே ஒரு மாதத்தின் எண் என்று தெரியவந்தால் அது தற்செயல் என்று தள்ளப்படும். இரண்டாவது, வேகம் கூடியதில் வேறு ஏதாவது கெட்டுப்போகவில்லை என்பதற்கான எண். கணக்கு வேலையில் வேகமாக மூடினால் பிழை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘இந்தக் காலத்தில் மூடிய பிறகு திருத்த வேண்டி வந்த பதிவுகள் மாதம் 12-லிருந்து 9 ஆகியிருக்கின்றன’ என்ற ஒரு வரி, ஆடிட் பார்க்கும் ஆளின் வாயையும் அடைத்துவிடும்.

இப்போது, பலரும் கவனிக்காத ஒரு வித்தியாசத்துக்கு வருகிறேன். சம்பள உயர்வு என்பது நிறுவனத்துக்கு ஒருமுறை செலவு அல்ல. இந்த வருடம் கொடுத்தால் நீங்கள் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும், அடுத்த உயர்வும் அதன் மேல்தான் ஏறும். அதனால் ஒருமுறை நடந்த சாதனையை வைத்துச் சம்பள உயர்வு கேட்டால், அனுபவமுள்ள ஹெச்.ஆர். ஆள் ‘இதற்கு ஒரு போனஸ் கொடுத்துவிடலாமே’ என்பார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

அந்த 11 இரட்டைப் பேமென்ட்டுகளைப் பாருங்கள். பணத்தைத் திரும்ப வாங்கியது நல்ல வேலை, ஆனால் முடிந்துபோன வேலை. அப்படியே எழுதினால் அது போனஸுக்கான வாதம். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க இவர் ஒரு சரிபார்ப்பை உருவாக்கினார்: வெண்டர் பெயர், தொகை, இன்வாய்ஸ் தேதி மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகளைப் பணம் அனுப்புவதற்கு முன்பே பிரித்துக் காட்டும் ஷீட். இன்வாய்ஸ் எண்ணில் ஒரு புள்ளியோ கோடோ மாறினால் சாஃப்ட்வேர் அதை வேறு இன்வாய்ஸ் என்று நினைத்துவிடும், இந்த ஷீட் நினைக்காது. ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் முன்னால் டீம் இப்போது அதைத்தான் ஓட்டுகிறது, கடைசி ஆறு மாதத்தில் ஒரு இரட்டைப் பேமென்ட்கூட வெளியே போகவில்லை. இப்படி எழுதினால் அதே விஷயம் தொடர்ந்து பலன் தரும் ஒன்றாகிவிடுகிறது, அதற்குத் தொடர்ந்து சம்பளம் தருவதும் நியாயமாகிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இது அடுத்த வருடமும் பலன் தருமா? தரும் என்றால் மெயிலின் மேலே வையுங்கள். தராது என்றால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள், இல்லை போனஸ் பேச்சுக்கு எடுத்து வையுங்கள்.

கேட்கும் எண்ணுக்கு வருவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஏம்ஸ், மாலியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேரத்தில் ஒற்றை எண் சொல்வதையும் வரம்பாகச் சொல்வதையும் ஒப்பிட்டு 2015-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாம் விரும்பும் எண்ணிலிருந்து தொடங்கி மேலே போகும் வரம்பைச் சொன்னவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது, விரும்பும் எண்ணை உச்சமாக வைத்துக் கீழே இறங்கும் வரம்பைச் சொன்னவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. அதாவது 14 வேண்டும் என்றால் ‘14 முதல் 17’ என்று கேட்கலாம். ‘10 முதல் 14’ என்று கேட்டால் 10 கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பணிவு காட்ட நினைத்து இரண்டாவதை எழுதுபவர்கள் ஏராளம்.

எதன் மேல் 14 சதவீதம் என்பதையும் எழுதிவிடுங்கள். போனஸ் நீங்கலாக, வருடத்துக்கு நிச்சயமாகக் கிடைக்கும் தொகையின் மேல் என்று சொல்லாவிட்டால், மொத்தப் பேக்கேஜ் மேல் என்று ஒருவரும் பேசிக் பே மேல் என்று இன்னொருவரும் புரிந்துகொள்வார்கள். கடிதம் கைக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த மெயிலுக்கும் ஒரு எல்லை உண்டு, அது உங்கள் திறமையோடு சம்பந்தப்பட்டதே அல்ல. வருடாந்திர உயர்வுக்கென்று டீமுக்கு ஒரு மொத்தத் தொகை ஒதுக்கப்படும். 8 பேருக்கும் தலா 100 சம்பளம், ஒதுக்கீடு 6 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் மேனேஜர் கையில் இருப்பது 48. அதில் 14-ஐ இவருக்குக் கொடுத்தால் மீதி 34. அதை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5-கூட வராது. மற்ற ஏழு பேரில் நன்றாக வேலை செய்த இன்னும் இருவராவது இருப்பார்கள். எண்ணோடு கேட்ட நல்ல மெயிலுக்கு 14-க்குப் பதில் 9 வருவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். மேனேஜருக்கு உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை, பந்தியில் வைத்த பாயசம் அவ்வளவுதான்.

மூன்றாம் வகை: வேலையே மாறிவிட்டது

இந்தக் கட்டத்தில்தான் மூன்றாவது மெயில் முக்கியமாகிறது. ஒருவரின் பொறுப்பு மாறியதற்காகத் தரப்படும் உயர்வு, பல நிறுவனங்களில் அந்த 48-க்குள் வராது. பதவி நிலை மாற்றம், இடைக்காலத் திருத்தம் என்று அதற்குத் தனி ஒப்புதல், தனிப் பணம். சக ஊழியர்களின் பங்கைத் தொடாமல் மேனேஜர் உங்களுக்காகப் பேசலாம். அதுவும் நம் உதாரணத்தில் ஒரு சீனியர் இடம் எட்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. அந்தச் சம்பளம் செலவாகாமல் நிற்கிறது. இது நிதிப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. போனவர் எவ்வளவு வாங்கினார் என்று எழுதுவதோ, ‘உங்களுக்கு இவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்’ என்று எழுதுவதோ கூடவே கூடாது. அது பேச்சை உங்கள் வேலையிலிருந்து இன்னொருவரின் சம்பளத்துக்குத் திருப்பிவிடும்.

நான் அனுப்பச் சொல்லும் மெயில் இது:

> பொருள்: வெண்டர் ரீகன்சிலியேஷன் பொறுப்பு – பதவி நிலை, சம்பளத் திருத்தக் கோரிக்கை
>
> வணக்கம் மேடம்,
>
> செவ்வாய்க்கிழமை நாம் பேசியதைத் தொடர்ந்து எழுதுகிறேன்.
>
> கடந்த 8 மாதங்களாக என் இன்வாய்ஸ் வேலையோடு வெண்டர் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன் முழுவதையும் நான் பார்த்து வருகிறேன். இதற்கு முன் இது சீனியர் நிலையில் இருந்தவரின் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி தருவதும் அவர்களின் பதிவுகளைச் சரிபார்ப்பதும் இப்போது என்னிடம் இருக்கின்றன.
>
> இந்தக் காலத்தில் வேலை நடந்த விதம்:
>
> மந்த் எண்ட் க்ளோசிங் கடைசி ஆறு மாதங்களில் சராசரியாக 5 வேலை நாளில் முடிந்திருக்கிறது. புதிய சாஃப்ட்வேரால் 9 நாள் 7 ஆனது, நிலுவை இன்வாய்ஸ்களை ஒவ்வொரு புதன்கிழமையும் மூட நான் கொண்டுவந்த முறையால் 7 நாள் 5 ஆனது. அதே சாஃப்ட்வேருக்கு மாறிய மற்ற கிளை இன்னும் 7 நாளில் இருக்கிறது. மூடிய பிறகு திருத்த வேண்டி வந்த பதிவுகள் மாதம் 12-லிருந்து 9 ஆகக் குறைந்துள்ளன.
>
> 30 நாளுக்கு மேல் தேங்கிய இன்வாய்ஸ்கள் 340-லிருந்து 90 ஆகியுள்ளன.
>
> பேமென்ட்டுக்கு முந்தைய சரிபார்ப்பு ஷீட் வந்த பிறகு, கடைசி ஆறு மாதங்களில் இரட்டைப் பேமென்ட் எதுவும் இல்லை. அதற்கு முன் சென்ற 11 பேமென்ட்டுகளின் தொகை திரும்பப் பெறப்பட்டுவிட்டது.
>
> இந்த எண்கள் எல்லாம் மாதாந்திர க்ளோசிங் ரிப்போர்ட்டில் உள்ளன.
>
> இந்தப் பொறுப்புகள் தொடர்ந்து என்னிடமே இருக்கும் என்றால், என் பதவி நிலையை அதற்கேற்ப மாற்றி, போனஸ் நீங்கலான வருடச் சம்பளத்தில் 14 சதவீதம் உயர்வைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு ஹெச்.ஆர். தரப்பில் வேறு விவரம் தேவைப்பட்டால் தயார் செய்து தருகிறேன். இந்த மாத இறுதிக்குள் ஒருமுறை பேச நேரம் ஒதுக்க முடியுமா?

இதில் சில வரிகளை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். ‘தொடர்ந்து என்னிடமே இருக்கும் என்றால்’ என்பது பணிவான வரிதான், ஆனால் மெயிலிலேயே கனமான வரியும் அதுதான். அதற்கு மேலிடம் இரண்டே பதில்தான் சொல்ல முடியும்: ஆமாம், இது இனி இவர் வேலை, அல்லது இல்லை, புது ஆளை எடுக்கப்போகிறோம். முதலாவது என்றால் சம்பளம் பேச வேண்டும். இரண்டாவது என்றால் கூடுதல் சுமை எப்போது இறங்கும் என்று தெரிந்துவிடும். இரண்டுமே உங்களுக்கு லாபம்தான்.

ஒற்றை எண்ணாக 14 எழுதியதற்கும் காரணம் உண்டு. இந்த வகைக் கோரிக்கை ஒரு படிவமாக மாறி மேலே போகும். படிவத்தில் ஒரு எண்தான் போட முடியும். வரம்பாக எழுதினால் அதன் கீழ் எண்ணைத்தான் போடுவார்கள், அதனால் வரம்புக்கு இங்கே வேலை இல்லை. 100-லிருந்து 114 என்பது பழைய பேண்டின் நடுப்புள்ளியைச் சற்றே தாண்டுகிறது. ஒருவேளை பதவி நிலையை மாற்ற முடியாது என்று ஹெச்.ஆர். சொன்னாலும், இருக்கும் பேண்டுக்குள்ளேயே இந்த எண்ணைக் கொடுக்க வழி இருக்கிறது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரிப்போர்ட்டின் பெயரைச் சொன்னது, மேனேஜர் யாரிடமும் கேட்காமல் தானே சரிபார்த்துக்கொள்ள. சரிபார்க்க முடியாத எண்ணை எந்த மேனேஜரும் தன் பெயரில் மேலே அனுப்பத் தயங்குவார்.

இந்த மெயிலுக்கும் எல்லைகள் உண்டு. பொறுப்பு உண்மையிலேயே மாறியிருக்க வேண்டும். அதே வேலையை அதிகமாகச் செய்திருந்தால் அது அளவு கூடியது, நிலை கூடியது அல்ல. 300 இன்வாய்ஸ் பார்த்தவர் 400 பார்த்தால் அது இரண்டாம் வகை மெயிலுக்கான விஷயம். யாரோ ஒருவரின் முடிவை இப்போது நீங்கள் எடுக்கிறீர்களா, மற்றவர் வேலைக்கு நீங்கள் பொறுப்பா என்பதுதான் கேள்வி. அடுத்து, இது மெதுவாக நகரும். பதவி மதிப்பீடு, மேலிட ஒப்புதல் என்று வருடாந்திர உயர்வைவிட நாள் எடுக்கும். மூன்றாவது, காலியிடத்துக்கு நேர்காணல் தொடங்கிவிட்டால் வாதத்தின் பாதி பலம் போய்விடும். அந்த வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வந்திருந்தால், அந்த இடத்துக்கு நீங்களே விண்ணப்பிப்பதுதான் நேரான வழி.

எனவே என் தேர்வு இது. பொறுப்பு மாறியிருந்தால் மூன்றாவது. மாறவில்லை, ஆனால் பேண்டில் இடமும் கையில் தொடரும் பலன்களும் இருந்தால் இரண்டாவது. இரண்டும் இல்லாத வருடத்தில் சம்பள மெயில் அனுப்பாமல், அடுத்த வருடம் என்ன பொறுப்பு எடுத்தால் நிலை மாறும் என்று மேனேஜரிடம் கேட்பதே மேல்.

வேறு நிறுவனத்தின் ஆஃபரைக் காட்டிக் கேட்பதை நான்காவது வழியாகச் சிலர் சொல்வார்கள். போகத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள், அதையும் நேரில் சொல்லுங்கள். மெயிலில் அது வந்தால் ஒரு வருட சாதனை முழுக்கப் பின்னால் போய், ‘போகப்போகிறாரா இல்லையா’ என்பது மட்டுமே பேச்சாகிவிடும்.

எப்போது, எப்படி அனுப்புவது

உயர்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகு அனுப்பும் மெயில், எவ்வளவு நன்றாக எழுதினாலும், மனுவாக இல்லாமல் புகாராகவே படிக்கப்படும். கடிதம் வருவதற்குப் பல வாரம் முன்பே, யாருக்கு எவ்வளவு உயர்வு என்று மேனேஜர் நிரப்பும் ஷீட் பூட்டப்பட்டுவிடும். அதனால் கடிதம் வரும் மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு அனுப்புவதே சரி. மூன்றாம் வகைக்கு இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை, ஆனாலும் பட்ஜெட் போடும் காலத்துக்கு முன்னால் போவது நல்லது.

மெயிலுக்கு முன்னால் நேரில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். ‘சம்பளம் பற்றி ஒரு கோரிக்கை இருக்கிறது மேடம், விவரத்தை மெயிலில் அனுப்புகிறேன்’ என்று சொன்னால் போதும். எழுத்தில் திடீரென்று வந்து விழும் கோரிக்கையை, தன்னை ஒரு மூலையில் நிறுத்தியதாக எடுத்துக்கொள்ளும் மேனேஜர்கள் உண்டு. மேலே உள்ள மெயிலின் முதல் வரி அதற்காகத்தான்.

அனுப்பிய பிறகு வரும் பதிலை வைத்து அது எங்கே நிற்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ‘மற்ற கிளையின் 7 நாள் எந்த மாத ரிப்போர்ட்டில் இருக்கிறது?’ என்பது போல எண்களைப் பற்றிக் கேள்வி வந்தால், மெயில் மேலே போய்விட்டது அல்லது போகப்போகிறது. யாரோ கேட்டதைத்தான் அவர் உங்களிடம் கேட்கிறார். உடனே, சுருக்கமாக, ஆதாரத்தோடு பதில் அனுப்புங்கள். பாராட்டு மட்டும் வந்து எண் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் அது இன்னும் அவருடைய இன்பாக்ஸில்தான் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, ‘இந்தக் கோரிக்கையை ஹெச்.ஆருக்கு அனுப்ப என்னிடமிருந்து ஏதாவது தேவையா மேடம்?’ என்று கேளுங்கள்.

‘பட்ஜெட் முடிந்துவிட்டது’ என்று வந்தால் அதோடு விட வேண்டாம். 11 பேமென்ட்டுகளை மீட்டதைப் போன்ற முடிந்துபோன சாதனைகளுக்கு இப்போதுதான் இடம் வருகிறது. ஒருமுறை போனஸ் வேறு கணக்கிலிருந்து வரக்கூடும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

‘அடுத்த சுற்றில் பார்க்கலாம்’ என்று வாய்மொழியாக வந்தால், அன்றே இப்படி ஒரு பதில் எழுதி வையுங்கள்: ‘நேரம் ஒதுக்கியதற்கு நன்றி மேடம். அடுத்த சுற்றுக்கான ஷீட் நிரப்பும் முன் பதவி நிலை மாற்றத்தைப் பற்றி மீண்டும் பேசுவோம் என்று சொன்னீர்கள். அதுவரை ரீகன்சிலியேஷன் பொறுப்பு என்னிடம் தொடரும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று மட்டும் சொல்லுங்கள்.’ மேனேஜர்கள் மாறுவார்கள், டீம்கள் பிரியும். அடுத்த சுற்றில் அந்த நாற்காலியில் இருப்பவர் உங்கள் பழைய மெயிலைத் தேடினால், கோரிக்கையும் அதற்குக் கிடைத்த பதிலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.